எலீனுக்கு நாலு வரி

வாடிப்பட்டியில் முனீஸ்வரியிடம் மாவு வாங்கிச் சாப்பிடாத வீடு அந்தத் தெருவில் இல்லை. ஆனால் அவள் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசிக் கேட்டவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தூக்குவாளியோடு வாசலில் வந்து நிற்பவர்களிடம், "புளிச்சதா, புதுசா?" என்று கேட்பாள். அத்தோடு பேச்சு முடிந்தது. ஏழாம் வகுப்பில் படிப்பை விட்டவள். வாத்தியார் எழுப்பி நிறுத்திப் பாடம் வாசிக்கச் சொன்னால் தொண்டை அடைத்துப் போகும். வீட்டில் வேலைக்கு ஆள் வேண்டும் என்று அவளை நிறுத்தியபோது, அவள் அழவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

பேச மாட்டாளே தவிர, பார்ப்பாள். கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது கல்லைப் பார்க்கிறாள் என்று நினைப்பார்கள். அவள் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடுதலாகக் கேட்டால் அந்த வீட்டுக்கு விருந்தாள் வந்திருக்கிறது. மாமியார் வாங்க வேண்டிய மாவை மருமகள் வந்து வாங்கினால் உள்ளே சண்டை. இதையெல்லாம் யாரிடமும் சொல்ல மாட்டாள். அவளுடைய வீட்டுக்காரன் முத்துப்பாண்டி குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவன். பேச்சுக்குப் பிறந்தவன். அவளுக்கும் சேர்த்து அவனே பேசிவிடுவான்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண் சிநேகிதியானது எப்படி என்று தெருவுக்கே ஆச்சரியம்.

எதிர்வீட்டு மாடிக்குக் குடிவந்தவள் எலீன். ஹாலந்து தேசத்துக்காரி. கண்மாய்களில் வண்டல் எப்படிப் படிகிறது என்று ஆராய்ச்சி செய்ய வந்திருந்தாள். காலையில் ஒரு நீளக் குழாயைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள். அதைக் கண்மாய்ச் சேற்றில் இறக்கி, உள்ளே சிக்கிய மண்ணைப் பை பையாகக் கட்டிக்கொண்டு வருவாள். "ஊருக் கண்மாயையே அள்ளிட்டுப் போயிருவா போலருக்கே" என்று டீக்கடையில் சிரித்தார்கள். ஒருநாள் மாவு வாங்க வந்தவள், கிரைண்டர் சுற்றுவதைப் பார்த்து அங்கேயே முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முனீஸ்வரி எழுந்திரு என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. மறுநாளும் வந்து உட்கார்ந்தாள். அதற்கு மறுநாளும்.

ரெண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. எலீனுக்கு மாவு, உப்பு, அக்கா, நல்லா இருக்கு, நாளைக்கு, இவ்வளவுதான் தமிழ். முனீஸ்வரிக்கு இங்கிலீஷ் அதைவிடக் குறைவு. பேச வேண்டிய அவசியமில்லாத ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு சுகம் என்று முனீஸ்வரிக்கு அப்போதுதான் தெரிந்தது. எலீனுக்குக் காய்ச்சல் வந்தபோது இவள்தான் கஞ்சி வைத்து மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். எலீன் ஊருக்குப் போட்டோ அனுப்பும்போதெல்லாம் கிரைண்டரோடு சேர்த்து இவளையும் எடுப்பாள். இவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள்.

எல்லாம் அந்த மழை நாளில் கெட்டது.

காய்ச்சல் விட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. தலைக்குக் குளித்துவிட்டு, முடியில் தண்ணீர் சொட்டச் சொட்ட, குழாயைத் தூக்கிக்கொண்டு எலீன் தெருவில் இறங்கினாள். மேலே தூறல் வேறு. முனீஸ்வரிக்கு எங்கிருந்துதான் அந்தக் குரல் வந்ததோ, "ஏய், உனக்கு அறிவிருக்கா? ஈரத் தலையோட எங்க போற? மறுபடியும் படுக்கையில விழவா? உள்ள போ, போய்த் தலையத் துவட்டு!" என்று கத்திவிட்டாள். தெருவில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சத்தம் போட்டு அவர்கள் கேட்டதே இல்லை.

எலீனின் முகம் சுருங்கிப் போனது. "சாரி அக்கா" என்றாள். உள்ளே போனாள்.

மறுநாள் மாவு வாங்க வந்தாள். முக்காலியில் உட்காரவில்லை. பாத்திரத்தை வாங்கிக்கொண்டு "தேங்க்யூ" என்றாள். அதற்கு முன்னால் ஒருநாளும் அவள் அப்படிச் சொன்னதில்லை. சிரிப்பாள், தலையை ஆட்டுவாள், போவாள். இப்போது தினமும் தேங்க்யூ. அந்த வார்த்தை ஒவ்வொரு முறையும் முனீஸ்வரியை வாசலுக்கு வெளியே தள்ளுவது போலிருந்தது. "கோவத்துல திட்டலடி, அக்கறையில திட்டினேன்" என்று சொல்ல வேண்டும். எந்தப் பாஷையில் சொல்வது?

அதற்குள் எலீன் ஊருக்குக் கிளம்பும் நாள் வந்துவிட்டது.

முனீஸ்வரி மதுரைக்குப் போய், விளக்குத்தூண் பக்கத்தில் ஒரு கடையில், ஊதா நிறத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட சுங்குடிச் சேலை எடுத்தாள். கடையில் அதைத் தாளில் சுற்றி, மேலே ஒரு சின்ன அட்டையையும் வைத்துக் கொடுத்தார்கள். உள்ளங்கையளவு அட்டை. எழுத்தே இல்லாமல், ஓரத்தில் மட்டும் ஒரு கொடி ஓடியது. அதைப் பார்த்ததும் அவளுக்கு வழி தெரிந்தது. சொல்ல முடியாததை எழுதிவிடலாம். யாராவது அதை இங்கிலீஷில் ஆக்கித் தரட்டும்.

காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிப் பார்த்தாள். அடித்து அடித்து எழுதியதில் கடைசியில் நின்றது இவ்வளவு:

எலீனு,
ஏதோ என்னால முடிஞ்சது, கட்டிக்க.
அங்க போயி நேரத்துக்குச் சாப்பிடு. ஈரத் தலையோட வெளிய திரியாத.
இங்க உனக்கு ஒரு வீடு இருக்கு.
அக்கா.

முத்துப்பாண்டி வாசித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கா இம்புட்டு யோசன? குடு இங்க, போனுல போட்டா நொடியில மாத்திக் குடுத்துரும்" என்றான். தாளின்மேல் போனைக் காட்டினான். திரையில் இங்கிலீஷ் எழுத்துகள் ஓடி வந்து நின்றன.

"சரியா இருக்கா?" என்றாள் முனீஸ்வரி.

"எனக்கு எப்படித் தெரியும்? இரு, அதையே திருப்பித் தமிழ்ல போடச் சொல்லுவம். சரியா இருந்தா நீ எழுதினதே திரும்பி வரணும்ல?"

அது நல்ல யோசனைதான். ஆனால் திரும்பி வந்தது வேறு. அவன் சத்தமாக வாசித்தான்: "'என் காரணமாக ஏதோ முடிவடைந்தது. அதைக் கட்டவும். ஈரமான தலையுடன் வெளியே அலைய வேண்டாம்.' அடியே, எதையோ முடிச்சு வச்சுட்டுக் கட்டச் சொல்றியாம்! போலீஸ்ல பிடிச்சுட்டுப் போயிரப் போறாய்ங்க!"

அவன் சிரித்த சிரிப்பில் அவளுக்கு அழுகை வந்தது. கடைசி வரியை எட்டிப் பார்த்தாள். "உங்களுக்காக இங்கே ஒரு கட்டிடம் உள்ளது" என்று இருந்தது.

"என்னங்க, வீடு வாடகைக்கு விடுறம்னு நினைக்க மாட்டாளா?"

"அது சரி, நீ பேசுற தமிழுக்கு அந்த மிஷினு என்ன செய்யும்? புத்தகத் தமிழ்ல எழுதிக் குடு, அதுக்கு விளங்கும்."

புத்தகத் தமிழில் எழுதிப் பார்த்தாள். "நேரத்திற்கு உணவு உண்ணவும். ஈரத் தலையுடன் வெளியில் செல்லாதே." படித்தால் ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டின மாதிரி இருந்தது. தாளைக் கசக்கிப் போட்டாள்.

மறுநாள் அண்ணன் சின்னச்சாமியின் மகள் சத்யப்ரியா வந்தாள். என்ஜினியரிங் படிக்கிற பெண். அத்தைமேல் பிரியமானவள். "குடுங்கத்தே, நான் பாத்துக்குறேன்" என்று அட்டையையும் காலண்டர் தாளையும் வாங்கிக்கொண்டாள். முனீஸ்வரி மாவு வழித்துக்கொண்டிருந்த நேரத்தில் ஜெல் பேனாவால் அட்டையிலேயே எழுதி முடித்துவிட்டாள். அழகான கையெழுத்து. ஓரக்கொடியோடு சேர்த்துப் பார்க்கக் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது.

முனீஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டு அட்டையை வாங்கிப் பார்த்தாள். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாவிட்டாலும் சில எழுத்துகளின் முகம் அவளுக்குப் பழக்கம். அதில் ஒன்று இரண்டாவது வரியிலேயே உட்கார்ந்திருந்தது. தாம்பூலப் பை ஒவ்வொன்றிலும் அச்சடித்திருப்பார்களே, அதே முகம்.

"இது தேங்க்யூதான?"

"ஆமாத்தே."

"நான் அத எழுதலையே, பாப்பா."

"தேங்க்ஸ் சொல்லாம எப்படித்தே? கிஃப்ட் கார்டுல அதான் முதல்ல போடணும்."

"அவ என்ன அந்நியமா?"

சத்யப்ரியா சிரித்தாள். "அத்தே, நம்ம வீட்டுக்குள்ள சொல்றதில்ல, சரி. அவங்க ஊர்ல அப்பா அம்மாகிட்டயே சொல்லுவாங்க."

"ஈரத் தலை எங்க இருக்கு?"

"அது போடலத்தே. ஒரு படிச்ச லேடிகிட்ட 'ஈரத் தலையோட திரியாத'ன்னு எழுதுனா இன்சல்ட்டா எடுத்துக்குவாங்க. 'டேக் கேர் ஆஃப் யுவர் ஹெல்த்'னு நீட்டாப் போட்டிருக்கேன்."

"சாப்பிடுறது?"

"அதுவும் அதுக்குள்ளயே வந்துருச்சு."

"வீடு இருக்குன்னு..."

"'வெல்கம் எகெய்ன்'னு போட்டிருக்கேன்ல. அதே அர்த்தந்தான். கீழ, 'யுவர்ஸ் சின்சியர்லி, மிஸ்ஸஸ் முனீஸ்வரி முத்துப்பாண்டி.'"

முனீஸ்வரி அட்டையை மாவு படாத இடமாகப் பார்த்து வைத்தாள். அந்தப் பெண்ணின் மேல் கோபப்பட முடியாது. ஆசையோடு எழுதியிருக்கிறாள். ஆனால் நாலு வரியில் ஒரு வரிகூட இவளுடையது இல்லை. எலீன் தினமும் வாசலில் வைத்துவிட்டுப் போகிற அதே தேங்க்யூவை இவளும் ஒரு அட்டையில் எழுதி அவள் கையில் திருப்பிக் கொடுப்பதற்கா இவ்வளவு பாடு? கொடுத்தால் கணக்கு முடிந்தது போலாகிவிடும். திட்டினது திட்டாகவே நின்றுவிடும். ஹாலந்துக்குப் போனபின் அதை யார் அழிப்பது?

எலீன் மறுநாள் சாயங்காலம் கிளம்புகிறாள்.

அட்டை கெட்டுப் போனது. வாடிப்பட்டிக் கடைவீதியில் வேறு அட்டை தேடினாள். ஒரு கடையில் கேக்குப் படம் போட்ட பிறந்தநாள் அட்டை. இன்னொன்றில் கைகோத்த மணமக்கள். "என்னக்கா விசேஷம்?" என்று கடைக்காரர் கேட்டதும், பதில் சொல்லத் தெரியாமல் இறங்கி வந்துவிட்டாள். விசேஷம் ஒன்றும் இல்லையே. அந்தச் சேலைக் கடைக்கே போய் ஒரு வெறும் அட்டை கேட்டு வாங்கி, இங்கிலீஷ் தெரிந்த யாரையாவது பிடிக்க வேண்டியதுதான்.

காலையில் மாவு வியாபாரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பஸ் ஏறினாள். "ஒரு துண்டு அட்டைக்கு மதுரைக்கா? எம்புட்டு அலைச்சல்டி! பேசாம சேலைய மட்டும் கையில குடு" என்று முத்துப்பாண்டி கத்தியது ஸ்டாண்டு வரைக்கும் காதில் கேட்டது. ஆரப்பாளையத்தில் இறங்கி, டவுன் பஸ்சில் நசுங்கி, விளக்குத்தூணுக்கு வந்து சேர்ந்தபோது கடைக்குள் கால் வைக்க இடமில்லை. முகூர்த்த நாள் நெருங்கிவிட்டது. குடும்பம் குடும்பமாக ஜனங்கள் மெத்தையில் உட்கார்ந்து சேலைகளை அலசிக்கொண்டிருந்தார்கள்.

சேலை சுற்றித் தருகிற மேசை மூலையில் இருந்தது. முனீஸ்வரி அதன் முன்னால் போய் நின்றாள். பின்னால் வந்தவர்கள் பில்லை நீட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருத்தி இவளை இடித்துவிட்டு, "நீங்க வாங்குறீங்களா, சும்மா நிக்கிறீங்களா?" என்று கேட்டாள். முனீஸ்வரி ஒதுங்கி வழி விட்டாள். அப்புறம் இன்னொருத்திக்கு. தன் வாயைத் தானே அறைந்துகொள்ளலாம் போல அவளுக்கு ஆத்திரம் வந்தது.

கடைசியில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணே நிமிர்ந்து பார்த்தாள். முப்பது வயதிருக்கும். சட்டையில் ராதாமணி என்று பெயர்ப் பட்டை குத்தியிருந்தாள். "உங்களுக்கு என்னக்கா வேணும்? ரொம்ப நேரமா நிக்கிறீங்களே."

"ஒரு அட்டை."

"பில்லு?"

"போன வாரம் எடுத்தேன். அட்டை கெட்டுப்போச்சு." கெட்டுப்போன அட்டையைச் சாட்சிக்கு எடுத்து நீட்டினாள். அதோடு மடித்து வைத்திருந்த காலண்டர் தாளும் மேசையில் விழுந்தது.

ராதாமணி அட்டையை வாசித்தாள். "நல்லாத்தான இருக்கு? என்ன கெட்டுப்போச்சு?" என்றாள். பிறகு காலண்டர் தாளை எடுத்து வாசித்தாள். ஈரத் தலையில் வந்ததும் சிரித்துவிட்டாள். மறுபடி அட்டையைப் பார்த்தாள். "ஓ, அதுவா சங்கதி. இது வேற ஆளு எழுதுன மாதிரி இருக்கு."

அந்த ஒரு வார்த்தையில் முனீஸ்வரிக்குத் தொண்டை திறந்துகொண்டது. மழையில் திட்டினது, சாரி சொன்னது, தேங்க்யூ சொல்வது, சாயங்காலம் கிளம்புவது எல்லாவற்றையும் கோவையில்லாமல் கொட்டினாள். தான் இவ்வளவு பேசுவாள் என்று அவளுக்கே தெரியாது.

"எங்களுக்கு இது தினப்படி வேலைக்கா" என்றாள் ராதாமணி, கையில் இருந்த சேலையைச் சுற்றிக்கொண்டே. "வீட்டுல சௌராஷ்ட்ரம், கடையில தமிழ், டூரிஸ்ட் வந்தா இங்கிலீஷ். எங்கம்மா கடைக்கு வந்து ஏதாச்சும் சொன்னா நான்தான் கஸ்டமருக்குச் சொல்லணும். அது சொல்றத அப்படியே சொன்னேன்னு வைங்க, அன்னைக்குக் கடையில அடிதடிதான்." பில் தாள் ஒன்றைத் திருப்பிப் போட்டுப் பேனாவை எடுத்தாள். "அவங்க சொந்தப் பாஷை இங்கிலீஷா?"

"ஹாலந்து."

"அப்ப அவங்களுக்கும் இங்கிலீஷ் படிச்ச பாஷைதான். பெரிய வார்த்தை வேணாம், சின்னச் சின்னதாப் போடுவம். உங்கள எப்படிக் கூப்பிடுவாங்க?"

"அக்கான்னு."

"அப்ப கீழ அக்கான்னே இருக்கட்டும். 'சிஸ்டர்'னு மாத்துனா ஆஸ்பத்திரி நர்ஸம்மா மாதிரி ஆயிரும். அவங்களுக்குத் தெரிஞ்ச வார்த்தைய எதுக்கு மாத்தணும்? ம், முதல் வரி. 'ஏதோ என்னால முடிஞ்சது.'" பேனாவால் கன்னத்தைத் தட்டிக்கொண்டாள். "நமக்கு இது மரியாத. நம்ம குடுக்குறத நம்மளே கொறச்சுச் சொல்லுவோம். அவங்களுக்கு அப்படியே சொன்னா, 'ஐயோ, கஷ்டப்பட்டு வாங்கிட்டாங்களே'ன்னு வருத்தப்படுவாங்க. இல்லன்னா சேலையே மட்டமானதோன்னு நினைப்பாங்க. கலரு நீங்களே பார்த்து எடுத்தீங்களா?"

"ஆமா. அவ கண்ணுக்கு அந்த ஊதா நல்லா இருக்கும்னு..."

"அதப் போட்டிரவா? 'சின்னதுதான், ஆனா உனக்குன்னு நானே பார்த்து எடுத்தேன்'னு?"

முனீஸ்வரி யோசித்தாள். அவள் எழுதாத வரி. ஆனால் பொய் இல்லை. தலையை ஆட்டினாள்.

"ராதாமணி!" என்று கல்லாவிலிருந்து முதலாளி நாகசுப்பிரமணியன் குரல் கொடுத்தார். அப்புறம் அவர்கள் வீட்டுப் பாஷையில் நீளமாக ஏதோ சொன்னார். ராதாமணியும் அதே பாஷையில் ஒரு வரி திருப்பிச் சொல்லிவிட்டு, மூன்று சேலைகளை மளமளவென்று சுற்றிக் கொடுத்தாள். முனீஸ்வரிக்கு வேர்த்தது. மணி போய்க்கொண்டே இருந்தது.

"வாங்கக்கா, ஈரத் தலை. இதுதான் முக்கியம், இல்லையா? 'திரியாத'ன்னு மொட்டையாப் போட்டா மறுபடியும் திட்டின மாதிரிதான் கேக்கும். முன்னால 'ப்ளீஸ்' போட்டாத் திட்டு போயிரும், ஆபீஸ் நோட்டீஸ் வந்துரும். எடுத்துட்டா ஒண்ணுமே மிச்சமில்ல, அந்தப் பொண்ணு எழுதுன மாதிரி." அவள் எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள். பிறகு இங்கிலீஷில் மெல்ல வாசித்தாள்: "ஹூ வில் ஸ்கோல்டு யூ தேர், இஃப் யூ கோ அவுட் வித் வெட் ஹேர்?"

"அப்படின்னா?"

"'அங்க ஈரத் தலையோட வெளிய போனா உன்ன யாரு திட்டுவா?'"

முனீஸ்வரியின் முகம் மாறிவிட்டது. "நான் அப்படி எழுதலையே, தாயி."

"எழுதலக்கா."

"திட்டினதையே ஞாபகப்படுத்துற மாதிரி இருக்கே. எல்லாரும் ஆளாளுக்கு மாத்துறீங்க. நான் சொன்னத ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறீங்க." குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள். அவளுக்குக் காதெல்லாம் சுட்டது.

ராதாமணிக்குக் கோபம் வரவில்லை. பேனாவை வைத்துவிட்டாள். "உங்க நோட்டு, உங்க இஷ்டம். வேணாம்னா மொட்டையாவே போட்டுத் தாரேன். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவங்க போனதுக்கப்புறம் உங்களுக்கு எது கவலை? ஈரத் தலையா, அதப் பார்த்துத் திட்ட ஆளில்லாததா?"

மெத்தையில் யாரோ ஒரு சேலையை விரித்து உதறினார்கள். முனீஸ்வரி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீ எழுதினதையே போடு" என்றாள்.

"வீடு?"

"வீடு இருக்குன்னு."

"கட்டடமா, நீங்களா?"

இந்த முறை முனீஸ்வரி சிரித்துவிட்டாள். "நாந்தான்."

"அப்ப 'ஹவுஸ்' இல்ல, 'ஹோம்'." அதையும் எழுதி, முதலிலிருந்து கடைசி வரை தமிழில் ஒருமுறை வாசித்துக் காட்டினாள். பிறகு ஒரு வெறும் அட்டையை எடுத்து முனீஸ்வரியிடமே நீட்டினாள். "உங்க தாள்ல இருக்குற தமிழ உங்க கையால எழுதுங்க. வாசிக்கத் தெரியாட்டியும் உங்க எழுத்துன்னு வச்சிருப்பாங்க. கீழ நான் இங்கிலீஷ் எழுதுறேன்."

எழுதிப் பழக்கம் விட்டுப்போனதில் எழுத்துகள் பெரிது பெரிதாக விழுந்தன. 'அக்கா' என்று முடித்தபோது அட்டையில் விரல் வைக்கக்கூட இடமில்லை. முனீஸ்வரி அழாத குறையாக நிமிர்ந்தாள். ராதாமணி அட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒவ்வொரு எழுத்தையும் பிரித்துத் தெளிவாக எழுதினாள். முன்பக்க மூலையில் ஒரு சின்ன அம்புக்குறி போட்டாள். "இதப் பார்த்தாத் திருப்புவாங்க. போங்கக்கா, கல்லாவுல இருக்குற எங்க மாமா இப்ப என்னத்தான் திட்டப் போறாரு."

பஸ்சில் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். தமிழ்ப் பக்கம் தன்னுடையது. அந்தப் பக்கம்? அதில் என்ன இருக்கிறது என்று ஒருத்தி சொன்ன வாய்வார்த்தைதான் சாட்சி. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தேங்க்யூவின் முகம் அதில் இல்லை. அது மட்டும் நிச்சயம்.

வீட்டுக்கு வந்ததும் முத்துப்பாண்டி அட்டையைப் பிடுங்காத குறையாக வாங்கி, அதன்மேல் போனைக் காட்டினான். "அடியே, 'உன்னை யார் திட்டுவார்கள்'னு வருது! வம்புக்கு இழுக்குற மாதிரி இருக்கே. ஊருக்குப் போற புள்ளகிட்ட இப்படியா குடுப்பாக?"

"குடுங்க இங்க."

"நல்லா யோசிச்சுக்க. நீ எழுதினது இது இல்ல."

"எழுதினது இல்லதான்" என்று அட்டையை வாங்கிச் சேலையின்மேல் வைத்தாள். ஒருவேளை அவன் சொல்வதுதான் சரியோ? எடுத்துவிடலாமா என்று கையை நீட்டும்போது வாசலில் கார் சத்தம் கேட்டது.

எலீன் பெட்டிகளை ஏற்றிவிட்டுத் தெருவைக் கடந்து வந்தாள். முனீஸ்வரி பொட்டலத்தை நீட்டினாள். எலீன் வாங்கிக்கொண்டு, பழக்கமாகிவிட்ட அந்த வார்த்தையைச் சொல்ல வாயைத் திறந்தவள், அட்டையைப் பார்த்து நிறுத்தினாள். தமிழ் எழுத்துகளை விரலால் தடவினாள். அம்புக்குறி கண்ணில் பட்டது. திருப்பினாள்.

முனீஸ்வரி அவள் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இங்கிலீஷ் தெரியாது. முகம் வாசிக்கத் தெரியும். எலீனின் கண் முதல் வரியில் போனது. கையிலிருந்த பொட்டலத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அடுத்த வரி. உதடு லேசாக அசைந்தது. அதற்கு அடுத்தது. அங்கே கண் நின்றது. திரும்பவும் முதலிலிருந்து அந்த வரிக்கு வந்தது.

எலீன் வெடித்துச் சிரித்தாள். தெருவே கேட்கிற சிரிப்பு. சிரித்துக்கொண்டே கீழே போனவள், கடைசி வரியில் சட்டென்று அமைதியானாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பிறகு, கார்க்காரன் ஹாரன் அடிப்பதைச் சட்டை செய்யாமல், கிரைண்டர் பக்கத்து முக்காலியில் போய் உட்கார்ந்தாள்.

அவள் பேச ஆரம்பித்தாள். நீளமாக. அது இங்கிலீஷ் இல்லை. பத்து மாதமாக அவள் போனில் பேசும் இங்கிலீஷைக் கேட்டுக் கேட்டு அதன் ஓசை முனீஸ்வரிக்குத் தெரியும். இது தொண்டையிலிருந்து காறிக்கொண்டு வந்தது. அவளுடைய வீட்டுப் பாஷையாக இருக்க வேண்டும். பேசிக்கொண்டே முனீஸ்வரியின் கையை இழுத்து விரித்துப் பார்த்தாள். தினமும் மாவிலும் தண்ணீரிலும் கிடந்து விரலிடுக்கெல்லாம் வெந்து வெளுத்திருந்தது. அதைக் காட்டிக் காட்டி என்னவோ கேட்டாள். குரல் ஏறியது. ஆள்காட்டி விரலை ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

இதைத் தமிழாக்கித் தர ராதாமணி இங்கே இல்லையே என்று முனீஸ்வரிக்கு எரிச்சலாக வந்தது. போனை நீட்டிக்கொண்டு முத்துப்பாண்டி ஓடி வந்தான். "என்னடி சொல்றா அவ? மிஷினுக்கும் பிடிபட மாட்டேங்குது!"

"பேசாம இருங்க" என்றாள் முனீஸ்வரி. "என்னையத் திட்டிக்கிட்டு இருக்கா."